குரல் பூட்டில், கேள்விப் பட்டியல் வெளியில்: மனநல நேர்காணல் ஆய்வுக்குத் தரவுத் திட்டம் எழுதுவது எப்படி?



ஆய்வு முன்மொழிவோடு சேர்த்துத் தரவு மேலாண்மைத் திட்டம் என்று ஒன்றையும் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. நம்மில் பலர் அதைக் கடைசி நாளில், கடைசிப் பக்கமாக நிரப்புகிறோம். "தரவுகள் பாதுகாப்பாக வைக்கப்படும். ஆய்வாளரைத் தவிர வேறு யாரும் பார்க்க மாட்டார்கள். ஆய்வு முடிந்ததும் அனைத்தும் அழிக்கப்படும்." மூன்று வரி, வேலை முடிந்தது. வாசிப்புப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடுத்த மதிப்பெண்களை ஒப்பிடும் ஆய்வு என்றால் இந்த மூன்று வரியால் பெரிய கேடு வராது. ஆனால் ஒருவரை உட்காரவைத்து, அவருடைய மனச்சோர்வைப் பற்றி ஒரு மணி நேரம் பேசவைத்துப் பதிவு செய்யும் ஆய்வில் இந்த மூன்று வரியுமே சிக்கல்தான். ஏன் என்று ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம்.

கற்பனையாக ஓர் ஆய்வு. சிங்கப்பூர் உயர்நிலைப்பள்ளிகளில் பணிபுரியும் தமிழாசிரியர்கள் 18 பேரிடம் நேர்காணல். பணிச்சுமை, பதற்றம், தூக்கமின்மை, மனநல ஆலோசகரிடம் போனது அல்லது போகாமல் இருந்தது ஆகியவை பற்றிய பேச்சு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நேர்காண்பவரும் தமிழாசிரியர்தான். இதற்கு நீங்கள் திட்டம் எழுத வேண்டும்.

முதலில் ஒரு கேள்வி வரும்: இவ்வளவு அந்தரங்கமான பேச்சை எதற்கு மற்றவர்களோடு பகிர வேண்டும்? அப்படியே பூட்டி வைத்துவிடலாமே? காரணம் இருக்கிறது. "மனசு சரியில்ல", "நெஞ்சு படபடங்குது", "ஒரு மாதிரியா இருக்கு" என்று நம்மவர்கள் தங்கள் துன்பத்தை எந்தச் சொற்களில் சொல்கிறார்கள் என்பது ஆலோசகருக்கும் மருத்துவருக்கும் தேவைப்படும் செய்தி. அது கேள்வித்தாளில் கட்டம் போட்டு வாங்கும் விடையில் கிடைக்காது. அடுத்து வரும் ஆய்வாளர் இதே கேள்விகளோடு இன்னும் 18 பேரின் புண்ணைக் கிளறாமல், இருப்பதைப் படித்தே சிலவற்றுக்கு விடை காணலாம். அதனால்தான் "எல்லாவற்றையும் அழி" என்பது நல்ல பதில் ஆகாது. "எல்லாவற்றையும் திற" என்பதும் இங்கே நடக்காத காரியம். திட்டத்தின் உண்மையான வேலை, எதை எந்த அளவுக்குத் திறப்பது என்று துண்டு துண்டாகப் பிரித்து முடிவெடுப்பதுதான்.

தரவு என்பது ஒரு பொருள் அல்ல

"என்னென்ன தரவு உருவாகும்?" என்ற கேள்விக்கு எதிரே பலர் "நேர்காணல்கள்" என்று ஒரே சொல்லை எழுதுகிறார்கள். நம் எடுத்துக்காட்டு ஆய்வில் உண்மையில் உருவாவது இவை: ஒலிப்பதிவு, அதைக் கேட்டு அப்படியே எழுதிய மூலப் பெயர்ப்பு, அடையாளம் நீக்கிய பெயர்ப்பு, யார் எந்த எண் என்று சொல்லும் திறவுப்பட்டியல், கையெழுத்திட்ட ஒப்புதல் படிவங்கள். இவற்றோடு நேர்காணல் கேள்விப் பட்டியலும், பேச்சை வகைப்படுத்தப் பயன்படுத்திய குறியீட்டு விளக்கமும்.

இவற்றின் விதி ஒன்றல்ல. கேள்விப் பட்டியலிலும் குறியீட்டு விளக்கத்திலும் யாருடைய ரகசியமும் இல்லை. அவற்றை உலகத்துக்கே திறந்து வைக்கலாம். அடையாளம் நீக்கிய பெயர்ப்பு, கேட்டு வாங்கும் ஆய்வாளர்களுக்கு மட்டும். ஒலிப்பதிவு, மூலப் பெயர்ப்பு, திறவுப்பட்டியல், ஒப்புதல் படிவம் ஆகிய நான்கும் வெளியே போகவே கூடாது. இப்படி ஏழு பொருளுக்கும் எதிரே "யார் பார்க்கலாம், எங்கே இருக்கும், எப்போது அழியும்" என்று எழுதிவிட்டால் திட்டத்தில் பாதி முடிந்த மாதிரி.

ஒப்புதல் படிவம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது

திட்டத்தை முதலில் எழுதி, அதன்பின் ஒப்புதல் படிவத்தை எழுதுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பழைய படிவம் ஒன்றை யாரிடமாவது வாங்கி, பெயரை மட்டும் மாற்றி, 18 பேரிடமும் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அதில் "ஆய்வு முடிந்ததும் அனைத்துத் தரவும் அழிக்கப்படும்" என்று இருந்தால் கதை முடிந்தது. பின்னால் நீங்கள் எவ்வளவு நன்றாக அடையாளம் நீக்கினாலும் அந்தப் பெயர்ப்பைக் களஞ்சியத்தில் வைக்க முடியாது. பங்கேற்றவருக்குக் கொடுத்த வாக்கு அது.

"ஆய்வாளரைத் தவிர வேறு யாரும் கேட்க மாட்டார்கள்" என்ற வரியும் பெரும்பாலும் பொய்யாகிவிடும். மேற்பார்வையாளர் கேட்பார். பணம் கொடுத்து ஒருவரை வைத்துப் பெயர்த்தெழுதினால் அவர் கேட்பார். அவர்களைப் படிவத்திலேயே சொல்லிவிட வேண்டும். பெயர்த்தெழுதுபவரிடம் ரகசியக் காப்பு உறுதிமொழி வாங்குவதையும் திட்டத்தில் எழுத வேண்டும். அவரும் தமிழ்ச் சமூகத்தைச் சேர்ந்தவர்தானே? குரலைக் கேட்டதும் "அட, இவங்களா!" என்று தெரிந்துவிடலாம். அப்படித் தெரிந்தால் பதிவை உடனே நிறுத்தித் திருப்பித் தர வேண்டும் என்ற வரியையும் அந்த உறுதிமொழியில் சேர்த்துவிடுங்கள்.

கொடுக்கும் வாக்கு கையால் ஆகக்கூடியதா என்று பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி, வட அயர்லாந்தின் ஆயுதக் குழுக்களில் இருந்தவர்களிடம் 2001 முதல் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளை எடுத்தது. தாங்கள் இறக்கும்வரை பதிவு வெளியே வராது என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் பேசினார்கள். 2011-ல் பிரிட்டிஷ் தரப்பின் வேண்டுகோளின்பேரில் அமெரிக்க நீதிமன்ற ஆணை வந்தது; வழக்காடிய பிறகும் சில பதிவுகள் காவல்துறையின் கைக்குப் போயின. சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மட்டுமே ரகசியம் காக்க முடியும் என்ற வரம்பு, பேசியவர்கள் கையெழுத்திட்ட தாளில் இல்லை. நம் ஆய்வில் குற்ற வழக்கு எதுவும் இல்லைதான். ஆனாலும் பேசுபவர் தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து இருப்பதாகச் சொன்னால் அதை உங்களால் மனத்துக்குள் வைத்துக்கொள்ள முடியாது. யாரிடம் சொல்வீர்கள் என்பதைப் படிவம் முன்கூட்டியே சொல்லட்டும். நேர்காணல் முடிந்ததும் கையில் கொடுக்கும் தாளில் சிங்கப்பூர் சமாரித்தான் சங்கத்தின் 1767 எண்ணும் இருக்கட்டும்.

ஒப்புதலை ஒரே கையெழுத்தாக வாங்காதீர்கள். தனித்தனிக் கட்டங்களாகக் கேளுங்கள். பேச்சு எளிமையாக இருக்கட்டும், இப்படி:

"என் பேச்சைப் பதிவு செய்யலாம்."

"பெயரும் அடையாளமும் நீக்கிய எழுத்து வடிவத்தை, ஒப்புதல் பெற்ற பிற ஆய்வாளர்கள் படிக்கலாம். என் குரல் யாருக்கும் தரப்படாது."

"நான் சொன்ன சில வரிகளைப் பெயர் சொல்லாமல் ஆய்வேட்டில் மேற்கோள் காட்டலாம்."

முதலாவதற்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை என்று ஒருவர் சொல்லலாம். அவர் ஆய்வில் இருப்பார், களஞ்சியத்தில் இருக்க மாட்டார். இன்னொன்று: இரண்டாவது கட்டத்தை நேர்காணலுக்கு முன்பு ஒரு முறையும், முடிந்த பின்பு ஒரு முறையும் கேளுங்கள். பேச ஆரம்பிக்கும்முன் தான் என்னவெல்லாம் சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கும்போதுதான் தெரியும்.

குரலை ஏன் பகிர முடியாது

குரலைக் கொஞ்சம் மாற்றிவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஒலியின் உயரத்தை மென்பொருளால் ஏற்றி இறக்கினால் குரல் மாறியது போல் தோன்றும். ஆனால் எவ்வளவு ஏற்றினார்கள் என்று ஊகித்துத் திரும்ப இறக்குவது கடினமான வேலை அல்ல. அது ஒருபுறம் இருக்க, பேசும் வேகம், இடைநிறுத்தம், சிரிப்பு, "ஆக்சுவலி" என்று வாக்கியத்துக்கு வாக்கியம் சொல்லும் பழக்கம் இவையெல்லாம் அப்படியே இருக்கும். பயிலரங்குகளிலும் பேச்சுப் போட்டி நடுவர் இருக்கைகளிலும் ஒருவரை ஒருவர் ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பழகிய கூட்டம் நாம். அரை நிமிடம் போதும்.

ஆகவே ஒலிப்பதிவு கருவியிலிருந்து பூட்டிய கோப்புறைக்கு, அங்கிருந்து அழிவுக்கு. இடையில் வேறு எங்கும் போகக் கூடாது. பெரும்பாலும் தவறு நடக்கும் இடம் கைப்பேசிதான். அதில் பதிவு செய்தால் உங்களுக்குத் தெரியாமலேயே சொந்த மேகக் கணக்குக்கு ஒரு நகல் ஏறிவிடும்; அங்கிருந்து வீட்டில் இருக்கும் பிள்ளையின் ஐபேட் வரைக்கும் போகும். இணையத்தோடு இணையாத தனிப் பதிவுக் கருவி பாதுகாப்பானது. கைப்பேசிதான் கதி என்றால் தானியங்கி நகலெடுப்பை அணைத்துவிட்டு, ஒரு சோதனைப் பதிவு எடுத்து, மற்றக் கருவிகளில் அது தோன்றுகிறதா என்று பார்த்த பிறகே தொடங்குங்கள். பெயர்த்தெழுதுபவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதை மறந்துவிடுங்கள்.

இடம் எவ்வளவு வேண்டும் என்றும் படிவம் கேட்கும். சுருக்காத ஒலிக்கோப்பு, ஒற்றைத் தடம், வழக்கமான தரம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 318 மெகாபைட். 18 பேருக்கு 5.7 கிகாபைட். பல்கலைக்கழகச் சேமிப்பகத்தில் ஒன்று, மறையாக்கம் செய்த வெளித்தட்டில் ஒன்று என்று இரண்டு நகல் போதும். நகல் கூடக்கூட, அழிக்கும் நாளில் தேட வேண்டிய இடமும் கூடும்.

கோப்புப் பெயரில் ஆளின் பெயர் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தேதியும் கூடாது என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. அன்று மாலை யார் யாரைச் சந்தித்தார் என்பது ஆசிரியர் அறையில் பலருக்குத் தெரிந்திருக்கும். இப்படி வைக்கலாம்:

```
P07_raw.wav
P07_raw.txt
P07_anon_v2.txt
```

`P07` யார் என்று சொல்லும் திறவுப்பட்டியல் இந்தக் கோப்புறையில் இருக்கக் கூடாது. அது வேறு இடத்தில், வேறு கடவுச்சொல்லோடு.

பெயரை எடுத்தால் அடையாளம் போய்விடுமா?

இதுதான் நேரம் எடுக்கும் வேலை. ஒரு பகுதியைப் பாருங்கள், இதுவும் கற்பனைதான்.

"2019-ல உட்லண்ட்ஸ் ஸ்கூல்லேர்ந்து பொங்கோல் பக்கம் ஒரு ஸ்கூலுக்கு மாறினேன். அங்க தமிழுக்கு நானும் இன்னொரு அக்காவும்தான். அவங்க பிரசவ லீவுல போனப்ப நாலு மாசம் நான் ஒருத்தியே பார்த்தேன். அதே வருஷம்தான் மகளுக்கு பி.எஸ்.எல்.இ. ஒரு நாள் காலைல அசெம்பிளில நிக்கிறேன், கை நடுங்குது, மூச்சு வாங்குது. பட்டிமன்றத்துல அவ்வளவு பேசுற ஆளு, எனக்கு வாயே வரல."

ஒரு பெயர்கூட இல்லை. ஆனால் இதைப் படிக்கும் தமிழாசிரியர் ஒருவர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். மாறிய ஆண்டு, இரண்டு வட்டாரம், இருவர் மட்டுமே உள்ள துறை, மகளின் தேர்வு ஆண்டு, பட்டிமன்ற மேடை. ஒவ்வொன்றும் தனியாகப் பலருக்குப் பொருந்தும், ஐந்தும் சேர்ந்தால் ஒருவருக்குத்தான் பொருந்தும். கூடவே இன்னொருவரின் பிரசவ விடுப்பும் இங்கே வந்துவிட்டது. அந்த அக்கா எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, எல்லாவற்றையும் கறுப்பு மையால் அடித்துவிடலாமா? அப்படிச் செய்தால் "[...] மாறினேன். அங்க [...]. ஒரு நாள் [...] கை நடுங்குது" என்று நிற்கும். யாருக்கும் உதவாது, ஏன் நடுங்கியது என்பதே போய்விட்டது. நீக்குவதைவிடப் பொதுமைப்படுத்துவது நல்லது. மாற்றிய இடத்தை அடைப்புக்குறியிட்டுக் காட்ட வேண்டும், படிப்பவருக்கு இது பேசியவரின் சொல் அல்ல என்று தெரிவதற்காக:

"[சில ஆண்டுகளுக்கு முன்] வேற ஒரு ஸ்கூலுக்கு மாறினேன். அங்க தமிழுக்கு [மிகச் சிலர்]தான். [ஒருவர்] லீவுல போனப்ப [சில மாதம்] நான் ஒருத்தியே பார்த்தேன். அதே வருஷம்தான் [பிள்ளைக்கு முக்கியத் தேர்வு]. ஒரு நாள் காலைல அசெம்பிளில நிக்கிறேன், கை நடுங்குது, மூச்சு வாங்குது. [பொது மேடையில்] அவ்வளவு பேசுற ஆளு, எனக்கு வாயே வரல."

வேலை கூடியது, ஆள் குறைவு, வீட்டிலும் நெருக்கடி, பேச்சில் வல்லவருக்கே பேச்சு நின்றது. ஆய்வுக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. "ஒருத்தியே" என்ற சொல் பெண் என்று காட்டுகிறது. இந்த ஆய்வில் அதை விட்டுவைக்கலாம் என்பது என் கருத்து. பங்கேற்ற ஆண்கள் இரண்டே பேர் என்றால் அவர்களுடைய பெயர்ப்பில் "ஒருத்தனே" என்பதை மாற்றத்தான் வேண்டும்.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று இங்கே இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதைப் பார்க்க முடியாது. நம் பேச்சுத் தமிழே ஓர் அடையாளம். "வாப்பா" என்றால் ஒன்று தெரியும், "கதைச்சனான்" என்றால் இன்னொன்று தெரியும். பெயரை நீக்கிய பிறகும் ஊரும் சமயமும் வினைமுற்றில் ஒட்டிக்கொண்டு வரும். எல்லாவற்றையும் எழுத்துத் தமிழாக மாற்றினால் அடையாளம் குறையும். ஆனால் துன்பத்தை எப்படிச் சொன்னார் என்ற அருமையும் போய்விடும். களஞ்சியத்தில் கேட்டு வாங்கும் பெயர்ப்பில் பேச்சு வடிவத்தை வைத்துக்கொண்டு, யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய ஆய்வேட்டின் மேற்கோளில் மட்டும் வட்டார, குடும்பச் சொற்களைப் பொதுவாக்குவது நடுவழி. 18 பேரில் ஒருவர் மட்டுமே அந்த வழக்கில் பேசுகிறார் என்றால் இதுவும் போதாது. அவருடைய பெயர்ப்பைக் களஞ்சியத்திலிருந்து விலக்குவதே நேர்மை.

போதுமான அளவுக்கு நீக்கிவிட்டோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் ஒரு சோதனையைச் சொல்கிறது: தனித்திறமை ஏதும் இல்லாத, ஆனால் எப்படியாவது கண்டுபிடிக்க வேண்டும் என்று முனையும் ஒருவர் இதை வைத்து ஆளைப் பிடிக்க முடியுமா? நம் ஆய்வில் அந்த ஒருவர் சக தமிழாசிரியர். ஆனால் சோதிக்கிறேன் என்று பெயர்ப்பையே சக ஆசிரியரிடம் நீட்டிவிடாதீர்கள். அவர் கண்டுபிடித்துவிட்டால் ரகசியம் அங்கேயே உடைந்தது. மனநலம் தொடர்பான எதுவும் இல்லாமல், மிஞ்சியிருக்கும் பின்னணி விவரங்களை மட்டும் சொல்லி, "இப்படி எத்தனை பேர் இருப்பாங்க?" என்று கேளுங்கள். யார் என்று கேட்க வேண்டாம். "ஏழெட்டுப் பேர் இருப்பாங்க" என்றால் பரவாயில்லை. அவர் யோசிக்காமல் சிரித்தால் இன்னும் நீக்க வேண்டும்.

சட்டம் காப்பாற்றாதா என்றால், ஓரளவுக்குத்தான். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2020-ல் வந்த திருத்தம், அடையாளம் நீக்கிய தகவலிலிருந்து அனுமதியின்றி ஆளைக் கண்டுபிடிப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் பள்ளி உணவகத்தில் "இது அவங்கதானே?" என்று ஒருவர் கிசுகிசுப்பதை எந்தச் சட்டமும் பிடிக்காது.

களஞ்சியத்தில் வைப்பது

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் தேசிய கல்விக் கழகமும் தரவுக் களஞ்சியங்கள் நடத்துகின்றன; இரண்டும் டேட்டாவெர்ஸ் என்ற மென்பொருளில் இயங்குபவை. அதில் ஒரே பதிவுக்குள் ஒரு கோப்பைத் திறந்தும் இன்னொன்றை மூடியும் வைக்க முடியும். ஆய்வின் விவரம் எல்லோருக்கும் தெரியும், கேள்விப் பட்டியலை யாரும் இறக்கிக்கொள்ளலாம், பெயர்ப்பைத் தொட்டால் "அனுமதி கேள்" என்று வரும்.

அந்த வேண்டுகோள் யாருக்குப் போகும்? திட்டங்களில் பெரும்பாலும் விடுபடுவது இதுதான். மாணவரின் பல்கலைக்கழக மின்னஞ்சலைக் கொடுத்திருப்பார்கள். பட்டம் வாங்கியதும் அது செத்துவிடும், கதவைத் திறக்க ஆள் இருக்காது. மேற்பார்வையாளரின் பதவியையோ துறையையோ குறிப்பிடுங்கள். எந்த அடிப்படையில் அனுமதி கொடுப்பது என்பதையும் எழுதுங்கள்: கேட்பவரின் ஆய்வுக்கு நெறிக்குழு ஒப்புதல் உண்டா, பங்கேற்றவர்களை அடையாளம் காண முயல மாட்டேன் என்று கையெழுத்திடுவாரா, படிவத்தில் சொன்ன நோக்கத்துக்குள் அது அடங்குகிறதா. நம் ஆய்வுக்கு இன்னொரு விலக்கும் வேண்டும்: பங்கேற்றவர்களின் பணி மதிப்பீட்டில் பங்குள்ள எவருக்கும் அனுமதி இல்லை.

இனி கால வரிசை. பங்கேற்றவர் விலகிக்கொள்ளக் கடைசி நாள் எது? பெயர்ப்பை அடையாளம் நீக்கித் திறவுப்பட்டியலை அழிக்கும் நாள்தான். அதன்பிறகு எது அவருடையது என்று உங்களுக்கே உறுதியாகத் தெரியாது. எனவே "எப்போது வேண்டுமானாலும் விலகலாம்" என்று எழுதாமல், "இந்தத் தேதிவரை விலகலாம்" என்று படிவத்தில் எழுதுங்கள். ஒலிப்பதிவு, பெயர்ப்பைச் சரிபார்த்து, ஆய்வேடு தேறும்வரை இருக்கட்டும். தேர்வாளர் ஐயம் எழுப்பலாம். மூலத் தரவை இத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று உங்கள் நிறுவனத்தின் விதி சொன்னால், அந்த ஆண்டுக்கணக்கையே படிவத்திலும் போடுங்கள். இரண்டிலும் இரு வேறு காலம் இருந்தால் நெறிக்குழு திருப்பி அனுப்பும்.

கடைசியாக ஒரு கணக்கு. 18 பேரில் 12 பேர்தான் இரண்டாவது கட்டத்தில் ஆம் என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். களஞ்சியத்தில் 12 பெயர்ப்பு இருக்கும். "18 நேர்காணல்கள் நடந்தன, 12 வைக்கப்பட்டுள்ளன" என்று விளக்கக் குறிப்பில் சொல்லுங்கள். இல்லையென்றால் படிப்பவர் அந்த 12-ஐ முழு ஆய்வு என்று எடுத்துக்கொள்வார். அதே நேரம் ஆய்வேட்டைத் திறந்து பாருங்கள். மூன்றாம் இயலில் பங்கேற்றவர்களின் அட்டவணை ஒன்று இருக்கும்: P07, பெண், வயது 41, பணி அனுபவம் 15 ஆண்டு, வடக்கு வட்டாரம். களஞ்சியத்திலும் P07 என்றே இருந்தால், நீங்கள் பெயர்ப்பில் ஒவ்வொன்றாக நீக்கியதை அந்த அட்டவணை ஒரே வரியில் திருப்பிக் கொடுத்துவிடும். அட்டவணையை ஆளுக்கொரு வரியாகப் போடாமல் "30 முதல் 39 வயது: 8 பேர்" என்று தொகுத்துப் போடுங்கள். களஞ்சியத்தில் வைக்கும்போது எண்களைக் குலுக்கிப் புதிதாகக் கொடுத்து, பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள பட்டியலைத் திறவுப்பட்டியலோடு சேர்த்தே அழித்துவிடுங்கள்.